லேபிளில் ஏறிய எங்கள் ஊர்

கடையில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் நான் முதலில் அதைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பேன். விலை பார்க்கிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். நான் பார்ப்பது அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடக்கும் விலாசத்தை. பெரிய எழுத்தில் இருப்பது சரக்கின் பெயர். அதற்குக் கீழே விற்பவர் பெயர் இருக்கும். சிலசமயம் அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார். இன்னும் கீழே போனால்தான் தயாரிப்பாளர் என்ற வரி வரும். அந்த வரியிலும் பட்டணத்துத் தெருப் பெயரைப் பார்த்துவிட்டு ஏமாறக்கூடாது. அது கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் ஆபீஸாக இருக்கலாம். அடுப்பு எரிகிற இடம் வேறு எங்காவது இருக்கும். இவ்வளவையும் நான் அறிவால் கற்கவில்லை, ஆத்திரத்தால் கற்றேன்.

நான் சொல்வது ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய காலம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், டவுன் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். ஊர் என்று நாங்கள் சொல்வோம். மற்றவர்கள் சேரி என்பார்கள். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அச்சில் ஏறி அது பட்ட பாடு போதும்.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அப்பாவும் அம்மாவும் தோல்ஷாப்பில் வேலை பார்த்தே போய்ச் சேர்ந்தவர்கள். அய்யலூர்ச் சந்தையில் விற்ற ஆட்டின் கறி ஒரு பக்கம் போகும், தோல் எங்கள் பக்கம் வரும். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து மயிர் பிடுங்குவது பெண்களின் வேலை. அக்கா பன்னிரண்டு வயதில் அதில் இறங்கினாள். சுண்ணாம்பு விரலிடுக்கை அரித்து, தோல் உரிந்து, சிவந்து கிடக்கும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கையை மடியில் வைக்காமல் தூக்கிப் பிடித்தபடி தூங்குவாள். கட்டிக்கொண்டவன் கொழும்புப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊர்க் கோடியில் ஊறுகாய்க் கொட்டகை வந்தது. முதலாளி வடமதுரைக்காரர். எண்ணெய் வியாபாரம் செய்தவர். நல்லெண்ணெய் கையில் இருக்கிறது, நத்தத்து மாங்காய் வண்டி வண்டியாக அந்தச் சாலை வழியே போகிறது, நடுவில் கொட்டகை போட இடம் சல்லிசாகக் கிடைக்கிறது. கூலிக்கு ஆளும் அங்கேயே இருக்கிறது. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? முதல் வருஷமே அக்கா அங்கே சேர்ந்தாள். மாங்காய் கழுவுவது, ஈரம் போகத் துடைப்பது, அரிவாள்மணையில் வெட்டுவது, உப்பும் மஞ்சளும் போட்டுச் சாடியில் ஊறவைத்து நாளும் குலுக்கிவிடுவது எல்லாம் அவள்தான். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னவர் முதலாளியம்மா. காய்ந்த கை என்றால்தான் சாடிக்குள் போகலாம் என்பதால் அங்கே எல்லாரும் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்குள் அக்காவின் கை ஆறிவிட்டது. ஒருநாள் விளக்கடியில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "ஏடி, ரேகை தெரியுது பாரு" என்றாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் வாத்தியார் பயிற்சி முடித்து, டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு டீச்சர் ஆனேன். இனிச் சாகும்வரை சுண்ணாம்புக் குழியை மிதிக்கமாட்டேன் என்று அக்கா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொண்டாள். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

கொட்டகை எங்கள் ஊரில் இருந்தது. ஆனால் பாட்டிலில் இருந்த விலாசம் எங்கள் ஊரில்லை.

அதற்குக் காரணம் எங்கள் டவுன்காரர்களின் ஒரு பழக்கம். சோப்பு வாங்கினால் மோந்து பார்ப்பார்கள். பிஸ்கோத்து டின் வாங்கினால் படத்தைப் பார்ப்பார்கள். ஊறுகாயும் அப்பளமும் என்றால் மட்டும் திருப்பி விலாசம் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், "எங்கிட்டுப் போட்டது?" என்று கடைக்காரரிடம் கேட்பார்கள். என்ன தெரு என்று தெரிந்தால் எந்தக் கை என்று தெரிந்துவிடும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சாதியைக் கேட்டால் அநாகரிகம், விலாசம் கேட்டால் சுத்தம் பார்ப்பது. கல்கத்தாவிலிருந்து வரும் பிஸ்கோத்துக்கு மாவு பிசைந்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. தூரத்து விலாசத்துக்குச் சாதி கிடையாது. பக்கத்து விலாசத்துக்குத்தான் உண்டு.

முதலாளிக்கு இது தெரியாதா? டவுனில் அக்ரகாரத்துத் தெருவில் ஒரு பாட்டியம்மா வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வெளியே ஒரு பெயர்ப்பலகை. வாரம் ஒருமுறை போய்த் தூசி தட்டிவிட்டு வருவார். லேபிளில் 'தயாரிப்பாளர்' என்று போட்டு, கம்பெனிப் பெயரைப் போட்டு, அந்த அறையின் கதவு எண்ணையும் தெருவையும் அச்சடித்தார். பெயர் அவருடையது, தெரு நிஜமான தெரு, தபால் போட்டால் போய்ச் சேரும். பொய் என்று யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. படிக்கிறவர்கள் தாமாகவே அந்த வீட்டின் பின்கட்டில் யாரோ மாமி மடியாக உட்கார்ந்து மாங்காய் வெட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"திங்கிறவன் நாக்கால திங்குறதுக்கு முந்தி கண்ணால விலாசத்தத் திங்குறான்" என்று முதலாளி சிரிப்பார். லேபிள் ஒட்டிய பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள். வயிறு நிறைந்திருந்தால் எதற்கும் சிரிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் டீச்சர்கள் எல்லோரும் தையல் வகுப்பு அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே சீனியர் டீச்சர் ஒருவர் இருந்தார். டவுன்காரர், எங்களைப்போல் கிறிஸ்தவ வேதம்தான். மாதா கோயிலில் அவர்கள் குடும்பம் உட்காரும் பக்கம் வேறு, நாங்கள் உட்காரும் பக்கம் வேறு. ஆனால் நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் என்றால் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். அவருடைய சாப்பாட்டுக் கூடையில் எப்போதும் அந்த ஊறுகாய் பாட்டில் இருக்கும். கரண்டியால் எடுத்து எல்லோருக்கும் வைப்பார். என் தூக்குச்சட்டி மூடியில் மட்டும், கரண்டி படாமல், கொஞ்சம் உயரத்திலிருந்து உதறுவார்.

"இந்த வெஞ்சனம் ஒண்ணு இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம். அக்ரகாரத்துக் கைப்பக்குவம் அக்ரகாரத்துக் கைப்பக்குவந்தான்" என்பார்.

நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். அந்த மாங்காய்த் துண்டைக் கொட்டையோடு சேர்த்து ஒரே வீச்சில் வெட்டியது யார் என்று எனக்குத் தெரியும். வெட்டில் பிசிறோ சிலும்போ இருக்காது. அக்காவிடம் வந்து சொல்வேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "வாயத் தெறந்துறாத தாயி. அவுக தின்னாத்தேன் நாம திங்கலாம்" என்பாள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

கெடுதல் ஒரு நல்ல மனிதர் வடிவில் வந்தது. மதராஸிலிருந்து ஒரு பெரிய கடை, எங்கள் முதலாளியின் ஊறுகாயைக் கேட்டது. ஆனால் சர்க்கார் உரிமம் வேண்டும், அதன் எண் லேபிளில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. பழம் காய்களைப் பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்கு அப்போது அந்தச் சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. முதலாளி மனுப் போட்டார். உரிமம் மேஜை நாற்காலிக்குக் கொடுக்கமாட்டார்கள், சரக்கு செய்யும் இடத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் இன்ஸ்பெக்டர் நேரே கொட்டகைக்கு வந்தார்.

அன்று திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு ஏதோ லீவு. நானும் அங்கே இருந்தேன். அதிகாரி குடையை வெளியே சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறதா, தரையில் தண்ணீர் தேங்குகிறதா, கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் எவ்வளவு தூரம், சன்னலுக்கு வலை உண்டா என்று எல்லாம் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். சாடிகளைத் திறக்கச் சொன்னார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு துணியை அவிழ்த்தாள். அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அக்காவை யாரும் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு அடுக்கியிருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். எங்கள் டவுன்காரர்கள் திருப்புகிற அதே மாதிரிதான் திருப்பினார். ஆனால் அவர் தேடியது வேறு.

"தயாரிப்பாளர்னு போட்டு இந்தத் தெருவைப் போட்டிருக்கீங்களே, இது எங்கே இருக்கு?"

"அது டவுன்ல ஆபீசுங்கய்யா."

"அங்க என்ன செய்யறீங்க?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "கடிதாசி வரும், வாங்கி வைப்போம்."

"அப்ப இங்கதானே தயாரிக்கறீங்க? உரிமம் இந்தக் கட்டடத்துக்கு. லேபிள்ல இருக்கிற விலாசத்தை நம்பி நாளைக்கு ஒருத்தர் புகார் கொடுத்தா, நாங்க அந்த வீட்டுக்குப் போய் மேஜையையா சோதிக்கிறது? செய்யற இடத்தைப் போடுங்க. ஆபீஸ் விலாசம் வேணும்னா தனியா 'ஆபீஸ்'னு போட்டுக்கலாம்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. இன்று நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். அவருக்குத் தெரிந்த விலாசம் கட்டடம் இருக்கும் இடம். எங்கள் டவுனுக்குத் தெரிந்த விலாசம் வேறு என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? நல்லவர். அவரால்தான் கெட்டோம்.

புது லேபிள் அச்சாபீஸிலிருந்து வந்த அன்று அக்கா ஒன்றைக் கேட்டு வாங்கி, முந்தானையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விளக்கைத் தூண்டிவிட்டு என் முன்னால் வைத்தாள்.

"நம்ம ஊருப் பேரு எதுடி?"

காட்டினேன். தயாரிக்கும் இடம் என்று ஒரு வரி. நத்தம் ரோடு, எங்கள் ஊர், திண்டுக்கல். அவள் விரலை எங்கள் ஊரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாக நகர்த்தினாள்.

"இம்புட்டுத்தானா? நாலஞ்சு எழுத்துத்தானா?" என்றாள். பிறகு, "மெட்ராசுல ஒருத்தன் இத வாசிப்பான்ல?" என்று கேட்டாள்.

"வாசிப்பான்."

"வாசிச்சுட்டு, இந்த ஊருக்காரிக நல்லாப் போட்டுருக்காளுகன்னு சொல்லுவான்ல?"

சொல்லுவான் என்றேன். கொஞ்சம் சோற்றுப் பசை எடுத்து, சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்த லேபிளை ஒட்டினாள். கோணலாக இருக்கிறது என்று எடுத்துத் திரும்ப ஒட்டினாள். எங்கள் ஊர்ப் பெயரை அச்சில் அதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் அவளைப்போலவே முட்டாளாக இருந்தேன் என்றில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது முட்டாளாக இருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம். தையல் அறை. சீனியர் டீச்சர் புது பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார். கரண்டியை உள்ளே விட்டார். "லேபிள மாத்திட்டானா? நம்பரெல்லாம் போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைத் திருப்பினார். உதடு அசைய வாசித்தார். எங்கள் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் உதடு நின்றது.

"ஐயே, அங்ஙனயா போடுறாக?"

கேட்ட பிறகுதான் நான் எதிரே உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது.  கரண்டி பாட்டிலுக்குள்ளேயே இருந்தது. அவர் அதை எடுத்து, அதிலிருந்த துண்டை உள்ளேயே உதறிவிட்டு, மூடியை இறுக்கித் திருகினார்.

"எனக்கு இப்ப வயித்துல புளிச்சிக்கிட்டு வருது. ஊறுகா ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் என்னைப் பார்க்காமல்.

முந்தாநாள்வரை ஆகியிருந்த வயிறு. நான் தூக்குச்சட்டியை மூடினேன்.  பாட்டிலைப் பிடுங்கி அந்த வெள்ளைப் புடவையில் கொட்டவேண்டும்போல் இருந்தது. கொட்டவில்லை. எனக்கும் சம்பளம் வேண்டுமே. அக்ரகாரத்துக்காரர்கள் இப்படிச் செய்திருந்தால் அது நான் எதிர்பார்த்ததுதான். இவரோ ஞாயிறுதோறும் பூசையில் நான் வாங்குகிற அதே அப்பத்தை வாங்குகிறவர். அதை யார் சுட்டது, எந்தத் தெருவில் சுட்டது என்று சாமியாரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கின. வைக்கோல் வைத்து அடுக்கிய பெட்டிகள் போன வண்டியிலேயே திரும்பி வந்து இறங்கின. சரக்கு கெட்டுவிட்டது என்று ஒரு கடைக்காரரும் சொல்லவில்லை. "நாங்க என்னங்க செய்யிறது, திருப்பிப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிருறாக" என்றார்கள். அந்த மதராஸ் கடைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர் தூரத்து விலாசம். ஆனால் அந்த ஒரு கடையை வைத்துக் கொட்டகை ஓடாது.

முதலாளி கொஞ்சநாள் தாடி வளர்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். லேபிளில் இனிப் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் விற்காது. அப்படியானால் உண்மையையே மாற்றிவிட வேண்டியதுதான். பாட்டியம்மா வீட்டின் பின்கட்டு முழுவதையும் வாடகைக்கு எடுத்தார். சிமெண்டு பூசினார், வலை அடித்தார், சாக்கடை கட்டினார். உரிமத்தை அந்தக் கட்டடத்துக்கு மாற்றக் கேட்டு எழுதினார். இப்போது தயாரிக்கும் இடம் நிஜமாகவே அக்ரகாரம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பாட்டியம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அது என்ன என்று நான் எழுதவேண்டுமா? அந்தத் தெருவிலேயே கஷ்டப்பட்ட இரண்டு விதவைகளும், டவுனிலிருந்து வேறு சிலரும் வேலைக்கு வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் அடுப்பு எரியவேண்டும்.

முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார். உள்ளே வரவில்லை, வெளியில் வேப்பமரத்தடியில் நின்றார்.

"ஏத்தா, எம்மேல வருத்தப்படாத. நான் என்ன செய்ய? ஊரு அப்படி இருக்கு."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள், "சாடிக எல்லாம் என்னய்யா ஆவுறது? வெட்டிப் போட்ட மாங்கா அம்புட்டும் உப்புல கெடக்கு."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அத எப்படித்தா கொட்ட முடியும்? ஒரு வருசத்துச் சரக்குல்ல? அங்ஙன கொண்டுபோயி மொளகாயும் எண்ணெயும் போட்டு அடைச்சிற வேண்டியதுதேன். நீ யாருகிட்டயும் மூச்சு விட்றாத."

"வண்டியில ஏத்தயில குலுங்காமப் பாத்துக்கச் சொல்லுங்க. வாயில துணிய நல்லா இறுக்கிக் கட்டணும்" என்றாள் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வெக்கமா இல்லையா உனக்கு? கெட்டுத் தொலையட்டும்னு விடவேண்டியதுதானே" என்று கத்தினேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "மாங்கா என்னடி செஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாடிகள் மாட்டுவண்டியில் ஒவ்வொன்றாக ஏறிப் போனதை ஊரே நின்று பார்த்தது. எங்களால் நுழைய முடியாத தெருவுக்குள் எங்கள் சாடிகள் நுழைந்தன. அவற்றின் மேல் யாராவது தண்ணீர் தெளித்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

லேபிள் பொய் சொன்ன வரைக்கும் எங்களுக்குச் சோறு இருந்தது. அது உண்மை பேச ஆரம்பித்ததும் போய்விட்டது. இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

என் ஒரு சம்பளம் வீட்டில் இருந்த பழைய கடனுக்கும் வயிற்றுக்குமாகப் போதவில்லை. அக்கா வேறு வேலைக்கு அலைந்தாள். டவுனில் சுருட்டுக் கம்பெனியில் கேட்டாள், பூக்கடையில் கேட்டாள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கக் கேட்டாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான். எந்த ஊரு? பாட்டிலைத் திருப்புவதற்குப் பதில் ஆளைத் திருப்பினார்கள். விலாசம் கேட்காமல் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் தோல்ஷாப்பு. நேர்ந்துகொண்ட மெழுகுவத்தியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடியலில் எழுந்து போனாள். அந்த வாரக் கடைசியில் விரலிடுக்கு சிவந்துவிட்டது.

அதற்குச் சில வாரம் கழித்து, தையல் அறையில் மறுபடியும் அந்தப் பாட்டில் வந்தது. சீனியர் டீச்சரின் வயிற்றுப் புளிப்பு குணமாகியிருந்தது. லேபிளில் எங்கள் ஊர் இல்லை. தயாரிக்கும் இடம் அக்ரகாரத் தெரு, கதவு எண், உரிம எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவர் வாசித்து முடித்துவிட்டு எல்லோருக்கும் வைத்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார்.

"எடத்த மாத்தினதும் ருசியே மாறிப்போச்சு பாத்தீங்களா? இப்பத்தான் சுத்தமா இருக்கு."

என் மூடியில் வழக்கம்போல் உயரத்திலிருந்து ஒரு துண்டு விழுந்தது. பார்த்தேன். கொட்டையோடு ஒரே வீச்சு. சிலும்பே இல்லை. வைகாசியில் வெட்டியது. வெட்டிய அன்று அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வாயைத் திறக்காதே என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். ஆனால் எதைக் காப்பாற்ற? போக வேண்டியது எல்லாம் போயாகிவிட்டது.

"டீச்சர், இது எங்க அக்கா வெட்டுன மாங்கா" என்றேன். "எங்க ஊருக் கொட்டகையில உப்புல கெடந்தது. வண்டியில ஏத்தி அங்க கொண்டுபோனாங்க. அங்க போட்டது மொளகாய்ப் பொடியும் எண்ணெயும் மட்டுந்தான். ரெண்டு வருஷமா நீங்க சாப்பிட்டதும் அவ போட்டதுதான்."

அவர் என்னை முறைக்கவில்லை. திட்டவும் இல்லை. மெதுவாக எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு வாய் கொப்புளிக்கும் சத்தம். ஒரு முறையோடு நிற்கவில்லை. மற்ற டீச்சர்கள் தங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டை ஓரமாக ஒதுக்கியவர்களும் உண்டு. ஒருத்தி மட்டும் ஒதுக்காமல் தின்று முடித்தாள். அவளை நான் இன்றும் மறக்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் பார்த்தேன், பாட்டில் மேஜையிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அக்கா அப்போதுதான் தோல்ஷாப்பிலிருந்து வந்து, மேல் கழுவி உட்கார்ந்திருந்தாள். கழுவினாலும் போகாத வாடை வீட்டில் இருந்தது. பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன். அத்தனை வருஷம் அவள் போட்ட ஊறுகாய் பாட்டிலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் மேலே நிற்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் லேபிளைப் பார்த்தாள். சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில் இருந்ததையும் பார்த்தாள்.

"இதுல என்னடி போட்டிருக்கு?"

வாசித்தேன். தெருப் பெயர், கதவு எண், திண்டுக்கல்.

"அந்தத் தெரு எப்படி இருக்கும்?"

"நான் போனதில்லக்கா."

"நானும் போனதில்ல" என்றாள். "ஏங் கைதான் போயிட்டு வந்திருக்கு."

கேப்பைக் களியைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவள் பாட்டிலைத் திறந்து, பழக்கதோஷத்தில் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, விரலாலேயே ஒரு துண்டை எடுத்தாள். எடுத்தவள் 'ஸ்...' என்று கையை உதறினாள். சுண்ணாம்பு அரித்த இடத்திலெல்லாம் உப்பும் மிளகாயும் ஏறியிருந்தது. நான் பதறிக் கரண்டியையும் தண்ணியையும் எடுக்க ஓடினேன்.

"இருடி" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நின்றது. மறுபடியும் அதே கையைப் பாட்டிலுக்குள் விட்டாள்.

"நான் போட்ட உப்புத்தானே, எரியட்டும்."